டிசைனர் ஃபீஸ்: சதுர அடியா, பர்சென்டா? கணக்கு தப்புற இடங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீட்ட விட்டு தாமான்ல வீடு வாங்குறவங்க நெறைய பேரு இப்ப டிசைனர் வச்சுதான் ரெனவேஷன் பண்றாங்க. ஈப்போலருந்து ரெண்டு பேரு கொட்டேஷன் கொடுப்பாங்க, ஒருத்தர் சதுர அடிக்கு 7 வெள்ளின்னு, இன்னொருத்தர் மொத்த செலவுல 10%ன்னு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது கம்மின்னு பாக்குறதுதான் முதல் தப்பு, ஏன்னா எத்தன சதுர அடி, எந்த செலவுன்னு இன்னும் யாரும் சொல்லவே இல்ல.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 20க்கு 70 லோட்டுல ஒத்த மாடி லிங்க் வீடு. நெலம் 1,400 சதுர அடி, கட்டடம் சுமார் 900, ஆனா டிசைனர் உண்மையிலேயே கை வைக்கப் போறது ஹாலு, கிச்சன், சாமி மேடை வைக்கிற எடம், ஒரு ரூமு, எல்லாம் சேத்து 480 தான். அதே 7 வெள்ளி ரேட்டுல நெலத்துக்குப் போட்டா 9,800, கட்டடத்துக்கு 6,300, வேல நடக்குற எடத்துக்கு மட்டும்னா 3,360. ரேட்டு மாறவே இல்ல, பில்லு மூணு மடங்கு வரைக்கும் மாறுது. கார் போர்ச்சு, பின்னாடி வெட் கிச்சன், தொடவே போறதில்லாத ரூமு இதெல்லாம் கணக்குல சேருதா இல்லையான்னு வீட்டு பிளான்ல பேனாவால கோடு போட்டு காட்டச் சொல்லுங்க, வாய்ல சொன்னா போதாது.

சரி, கட்டட அளவுன்னே வச்சுக்குவோம், 6,300. பர்சென்ட் கேக்குறவரு ரெனவேஷன் 60,000 ஆகும்னு சொல்றாரு, அப்ப அவரு ஃபீஸ் 6,000, இவர்தான் மலிவுன்னு தோணும். இங்க ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பாருங்க: 6,300 வெள்ளி எந்தத் தொகைக்கு 10%? 63,000க்கு. அதாவது செலவு வெறும் 3,000 கூடினாலே ரெண்டு ஃபீஸும் ஒண்ணாயிரும். பழைய வீட்டுல அது கூடாம இருக்குமா? செவத்த ஹேக் பண்ண பிறகுதான் ஒயரு பழசாப் போயிருக்கு, டிபி பாக்ஸ் மாத்தணும்னு தெரியும், அதுக்கு 7,000. ஏர்கான், ஹுட், ஹாப், லைட்டு எல்லாம் நீங்களே கடையில பாத்து வாங்குறீங்க, 11,000. இத எல்லாம் "புராஜெக்ட் காஸ்ட்"னு சேத்துட்டா 78,000, ஃபீஸ் 7,800 ஆயிருது. நீங்களே போயி பேரம் பேசி வாங்குன ஏர்கானுக்கு இன்னொருத்தருக்கு எதுக்குங்க 10%? அதனால நாம வாங்குற சாமான் கணக்குல வராது, இத்தன வெள்ளிக்கு மேல ஃபீஸ் ஏறாதுன்னு ரெண்டு வரி எழுதி வாங்கணும். அந்தச் சாமான எடுத்துட்டாலே ஃபீஸ் 6,700க்கு எறங்கிரும்.

அப்படின்னா சதுர அடிதான் நல்லதுன்னு முடிவு பண்ணிறாதீங்க. அந்த 6,300ல டிராயிங்கும் ரெண்டு 3டி படமும் மட்டும்தான் இருக்கும், வேல நடக்கும்போது வந்து பாக்குறது தனின்னு அடியில எழுதியிருப்பாங்க. ஒரு தடவ வர 150 வெள்ளி, பத்து தடவ வந்தா 1,500, கூட ரெண்டு 3டி, ஒண்ணு 350ன்னா 700. இப்ப 8,500. பர்சென்ட் ஆளு சூப்பர்விஷனையும் சேத்துதான் கேட்டாருன்னா அவரே மலிவாயிட்டாரு. நம்ம டவுனுக்கு வெளியிலருந்து வர்றவங்கன்னா பெட்ரோல், டோல் காசும் இதுல ஒளிஞ்சிருக்கும், அத முன்னாடியே கேட்டுருங்க.

பின்னாடி நீட்டிக் கட்டுறதா இருந்தா மஜ்லிஸ் பெர்மிட்டு டிராயிங் வேற விஷயம். இன்டீரியர் டிசைனர் போடுற படம் அதுக்கு பத்தாது, தனி ஆள் வச்சு சப்மிட் பண்ணணும், அந்தக் காசு ரெண்டு கொட்டேஷன்லயும் பெரும்பாலும் இருக்காது.

"எங்ககிட்டயே வேலயக் கொடுத்தா டிசைன் ஃப்ரீ"ன்னு சொல்றவங்ககிட்ட கிச்சன் கெபினட் அடிக்கு என்ன வெல, உள்ள பிளைவுட்டா சிப்போர்டா, கீல் எந்த பிராண்டுன்னு கேட்டு, அதே விவரத்தோட நம்ம ஊரு கெபினட் கடையிலயும் ஒரு வெல வாங்கிப் பாருங்க. அடிக்கு 80 வெள்ளி கூடன்னா, 30 அடி கெபினட்டுக்கு 2,400 வெள்ளி, அந்த ஃப்ரீ டிசைனோட ஃபீஸ் அங்கதான் இருக்கு.

கடைசியா, ரெண்டு பேருக்கும் ஒரே பேப்பர்ல ஒரே வேலைய எழுதிக் கொடுங்க: எந்தெந்த ரூமு, எத்தன 3டி, எத்தன தடவ திருத்தம், எத்தன தடவ சைட்டுக்கு வரணும், டைல்ஸ் கடையில கெடைக்கிற கமிஷன் யாருக்கு, வரி சேந்துதா இல்லையா. செலவு 60,000 ஆனா உங்க மொத்த பில்லு எவ்வளவு, 75,000 ஆனா எவ்வளவுன்னு ரெண்டு தொகைய வெள்ளியிலயே எழுதச் சொல்லுங்க. அத எழுதித் தர தயங்குறவருக்கு டெபாசிட் கட்டாதீங்க.