முட்டை போண்டா: வெடிக்காமல் பொரிப்பது எப்படி?

முட்டையை எண்ணெயில் போட்டால் வெடித்துவிடுமோ என்ற பயத்திலேயே பலர் முட்டை போண்டாவைக் கடையில் மட்டும் சாப்பிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். வெள்ளைக்கருவில் பெரும்பகுதி தண்ணீர். கொதிக்கும் எண்ணெயில் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டால், முட்டை பிளந்து எண்ணெயை நம் மேல் தெறிக்கும். ஆவிக்கு வழி விட வேண்டும், முட்டையின் மேல் ஈரம் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் 4 முட்டைகளைக் கொதிக்கும் நீரில் 10 முதல் 12 நிமிடம் வேக வைத்து, குளிர்ந்த நீரில் போட்டு உரித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆறியதும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் முட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டிவிடுவது நல்லது. வெட்டிய பக்கம் திறந்திருப்பதால் உள்ளே ஆவி அடைபடாது, போண்டாவும் சீக்கிரம் பொரியும். முழு முட்டைதான் வேண்டும் என்றால், கத்தி நுனியால் மஞ்சள்கரு வரை எட்டும்படி நாலு இடத்தில் கீறிவிடுங்கள்.

அடுத்தது மாவு. ஒரு கப் கடலை மாவு, 2 மேசைக்கரண்டி அரிசி மாவு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள், பெருங்காயம், ஓமம், உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். முட்டையை முக்கித் தூக்கினால் வெள்ளை தெரியாமல் மாவு கனமாகப் போர்த்தியிருக்க வேண்டும். வழுக்கி வழிந்தால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கரண்டி கடலை மாவு சேருங்கள். முக்குவதற்கு முன் முட்டையை உலர்ந்த அரிசி மாவில் ஒருமுறை புரட்டுங்கள். அந்தப் பூச்சு மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மேல்மாவும் பிடித்து நிற்கும். மாவு விலகிய இடத்தில்தான் ஈரமான வெள்ளைக்கரு எண்ணெயைத் தொட்டுப் படபடவென்று தெறிக்கும்.

இப்போது எண்ணெய். அடி கனமான வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, போண்டா எண்ணெய் குடிக்கும். விட்ட உடனே கருகினால் சூடு அதிகம், மேலே சிவந்தாலும் உள்மாவு பச்சையாக இருக்கும். சற்று இறங்கி உடனே மிதந்து, மெல்லச் சிவந்தால் அதுதான் பதம்.

முட்டையைக் கரண்டியில் வைத்து, எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக நழுவ விடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நாலு போதும். மிதமான தீயில் திருப்பித் திருப்பி, சலசலப்பு அடங்கிப் பொன்னிறமானதும் எடுங்கள்.

மாவுக்குப் பதில் கொத்துக்கறி பூசுவதென்றால் தீயைக் குறைத்து, 160 டிகிரியில் நிதானமாகப் பொரிக்க வேண்டும். கறி உள்வரை வேக நேரம் பிடிக்கும். ஒன்றை வெட்டிப் பார்த்து, முட்டையை ஒட்டிய கறியில் சிவப்பு தெரியாவிட்டால் மற்றதையும் இறக்கலாம்.