பி.இ. விகிதத்தைப் பார்த்து ஒதுக்கீட்டை மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலையை லாபத்தால் வகுத்துக் கிடைக்கும் பி.இ. விகிதத்தைப் பங்குச் சந்தை முழுவதற்கும் எடுத்துக்கொண்டு, தம் முதலீட்டில் பங்குகளின் அளவைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ முனையும் புதியவர்கள், முன்பு நான் செய்த தவறுகளையே செய்வதைப் பார்க்கிறேன். எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

லாபம் சரிந்ததால் உயர்ந்த விகிதத்தை நம்புவது

2009 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு, 2007 அக்டோபர் உச்சத்தின் பாதிக்கும் கீழே, 676 புள்ளிகளில் முடிந்தது. ஆனால் கடந்த பன்னிரண்டு மாத லாபத்தை வைத்துக் கணக்கிட்ட பி.இ., அதே ஆண்டின் நடுவில் 100-ஐத் தாண்டியது. வங்கிகள் பெரும் நட்டத்தைக் கணக்கில் எழுதியதால் வகுக்கும் எண் சுருங்கியதே காரணம். விகிதம் 25-க்கு மேல் போனால் பங்குகளை 60 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைப்பது என்று நான் விதி வைத்திருந்தேன். அதை அப்படியே பின்பற்றி, மலிவான நேரத்தில் விற்றேன். பிறகு லாபம் மீண்டு விகிதம் இறங்கியதும், ஏற்கெனவே வெகுவாக உயர்ந்துவிட்ட விலையில் திரும்ப வாங்கினேன். இன்றும் எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்.

குறியீடு 100, லாபம் 5 எனில் பி.இ. 20. குறியீடு 60 ஆகவும் லாபம் 1 ஆகவும் விழுந்தால் விகிதம் 60 ஆகிவிடும்; விலை குறைந்த சந்தை மூன்று மடங்கு விலை உயர்ந்ததுபோலத் தோன்றும். பத்தாண்டுச் சராசரி லாபம் 4 என்று கொண்டால் அதே விகிதம் 15 தான். பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் பரவலாக்கிய, பணவீக்கத்தைச் சரிசெய்து பத்தாண்டு லாபத்தின் சராசரியை எடுக்கும் முறை இதற்காகவே பயன்படுகிறது. விகிதம் ஏறியிருக்கும்போது குறியீடு இறங்கியிருந்தால், அந்த ஏற்றத்துக்குக் காரணம் விலையன்று, லாபம் சரிந்ததே என்று உடனே அறியலாம். இந்தச் சராசரிக்கும் ஒரு குறை உண்டு: ஒரு மோசமான ஆண்டு அதற்குள் பத்தாண்டுகள் தங்கி, அவ்வளவு காலமும் விகிதத்தைச் சற்று உயர்த்தியே காட்டும்.

முழுவதுமாக வெளியேறுவது

1996 டிசம்பரில் ஷில்லரின் விகிதம் ஏறக்குறைய 28 ஆக, நீண்டகாலச் சராசரிக்கு வெகுவாக மேலே இருந்தது. ஆயினும் 2000 மார்ச்சுக்குள் குறியீடு இரண்டு மடங்கானது. அன்று 60 சதவீதத்தை 50 ஆகக் குறைத்தவர் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியைப் பெற்றார். பூஜ்யமாக்கியவருக்கோ, எந்த விலையில் திரும்பி வருவது என்பதற்கு விடை இருக்கவில்லை. பங்குகளுக்கு 50-க்கும் 70 சதவீதத்துக்கும் இடையே எல்லை வகுத்து, ஒருமுறைக்கு 5 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் நகராதிருப்பதே என் இன்றைய வழக்கம்.

மாதந்தோறும் மாற்றுவது

ஆண்டுக்கு ஒருமுறை, ஒதுக்கீட்டைத் திட்டமிட்ட அளவுக்குத் திரும்பக் கொண்டுவரும் வழக்கமான மறுசமநிலையின்போது செய்தால் போதும்.

எதிர்பார்க்கும் லாபத்தையும் கடந்த லாபத்தையும் கலப்பது

கணிப்பில் உள்ள லாபத்தால் வந்த விகிதத்தை, கடந்த லாபத்தின் சராசரியோடு ஒப்பிட்டால் சந்தை பெரும்பாலும் உள்ளதைவிட மலிவாகவே தோன்றும்.