ஒரே ‘தியா’, இரண்டு பொருள்: எபிரெயர் 2:10-ஐப் பிரித்துப் படிப்போம்

கிரேக்கத்தில் முன்னிடைச்சொல்லை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லக்கூடாது. அடுத்து வரும் சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் இதைப் பழக எபிரெயர் 2:10 நல்ல இடம். கடவுளைக் குறிக்கும் இந்தத் துண்டு அதில் வருகிறது:

தி ஹொன் தா பந்தா, காய் தி ஹூ தா பந்தா

‘தா பந்தா’ என்றால் ‘எல்லாம்’. ‘காய்’ என்றால் ‘உம்’. ‘தி’ என்பது ‘தியா’ என்னும் முன்னிடைச்சொல்லேதான், அடுத்த சொல் ‘ஹ’ என்னும் மூச்சொலியைக் கணக்கில் எடுக்காவிட்டால் உயிரொலியில் தொடங்குவதால் கடைசி ‘ஆ’ விழுந்துவிட்டது.

படி 1: தியாவை ஒட்டி நிற்கும் சொல்லைப் பிடியுங்கள். ‘ஹொன்’, ‘ஹூ’ இரண்டும் ‘எவர்’ என்னும் ஒரே சொல்லின் வடிவங்கள். ‘தா பந்தா’வைத் தியாவோடு சேர்த்துவிடாதீர்கள், இங்கே அது எழுவாய்.

படி 2: ஈற்றைப் பாருங்கள். ‘ன்’ ஒலியில் முடியும் ‘ஹொன்’ இரண்டாம் வேற்றுமை. ‘ஹூ’ ஆறாம் வேற்றுமை.

படி 3: பொருள் கொடுங்கள். இரண்டாம் வேற்றுமையோடு வரும் தியா காரணத்தைச் சொல்லும்: அவர் நிமித்தம், அவருக்காக. ஆறாம் வேற்றுமையோடு வந்தால் வழியைச் சொல்லும்: அவர் மூலமாக. ஆக, ‘எவருக்காக எல்லாம் உள்ளனவோ, எவர் மூலமாக எல்லாம் உள்ளனவோ’. பழைய தமிழ் வேதாகமம் இதைத் ‘தமக்காகவும் தம்மாலேயும்’ என்று அழகாகப் பிரித்திருக்கிறது. கிரேக்கத்தில் தியா மாறாமல் நிற்க, நமக்கு உருபே மாறிவிடுகிறது.

படி 4: அதே வசனத்தில் மூன்றாவது தியாவைத் தேடுங்கள். ‘தியா பாத்தேமாத்தோன்’ என்று வரும். நெடில் ‘-ஓன்’ பன்மையில் ஆறாம் வேற்றுமையின் ஈறு. எனவே கடவுள் இயேசுவைப் ‘பாடுகளின் வழியாக’ பூரணப்படுத்தினார் என்று பொருள். முந்தைய 9-ஆம் வசனத்தில் இதே பெயர்ச்சொல் ‘தியா தோ பாத்தேமா’ என்று ஒருமையில், இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறது. அங்கே மரணப் பாடு இயேசு முடிசூட்டப்பட்டதற்குக் காரணம். இங்கே பாடுகள் அவர் கடந்துபோன வழி. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், விதி தானாகவே மனதில் நிற்கும்.

எல்லா முன்னிடைச்சொல்லும் இப்படி மாறாது. இதே வசனத்தின் ‘எய்ஸ் தொக்ஸான்’ (மகிமைக்குள்) என்பதில் உள்ள ‘எய்ஸ்’ இரண்டாம் வேற்றுமையை மட்டுமே ஏற்கும்.

தமிழர்கள் சறுக்கும் இடம் ‘ஆல்’ உருபு. ‘பனியால் நடுங்கினான்’ என்பதில் அது காரணம், ‘கத்தியால் வெட்டினான்’ என்பதில் கருவி. அதனால் தமிழ் வசனத்தில் ‘ஆல்’ இருப்பதைப் பார்த்துக் கிரேக்க வேற்றுமையை ஊகிக்க முடியாது. யோவான் 6:57-இல் ‘பிதாவினால்’, ‘என்னாலே’ என்று இருக்கிறது. ஆறாம் வேற்றுமை என்றுதான் தோன்றும். கிரேக்கத்தில் இருப்பதோ ‘தியா தொன் பத்தேரா’, ‘தி எமே’. இரண்டுமே இரண்டாம் வேற்றுமை.