பங்கு விற்ற பணம் பேங்குக்கு வரவில்லையா? எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

சித்தப்பா 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியின் 100 பங்குகளை 420 ரூபாய்க்கு விற்றார். மொத்தம் 42,000. ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை எனக்கு போன் செய்தார். “வித்து ஒரு வாரம் ஆச்சுப்பா, பேங்க்ல ஒரு பைசா ஏறலை.” குரலில் பதற்றம். அன்று அவருடன் உட்கார்ந்து பார்த்த வரிசையையே இங்கே சொல்கிறேன்.

முதலில், செட்டில்மெண்ட் தேதியைப் பாருங்கள்

இந்தியாவில் 2023 ஜனவரி கடைசியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் வழக்கமான முறை டி+1. டி என்பது விற்ற நாள். அதற்கு அடுத்த வேலை நாளில், சந்தையில் நடந்த விற்பனைகளின் கணக்கைத் தீர்க்கும் அமைப்பான கிளியரிங் கார்ப்பரேஷன் உங்கள் பங்கை வாங்கியவருக்கும், பணத்தை உங்கள் புரோக்கருக்கும் சேர்க்கும். இதுதான் செட்டில்மெண்ட். கவனியுங்கள், பணம் போவது புரோக்கருக்கு. உங்கள் பேங்குக்கு அல்ல.

அந்த “வேலை நாள்” என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சந்தை திறந்திருந்தாலும் பேங்க் மூடியிருந்தால் செட்டில்மெண்ட் நடக்காது. சித்தப்பா விற்ற வெள்ளிக்குப் பிறகு சனி, ஞாயிறு. திங்கள் 31 ரம்ஜான், சந்தை விடுமுறை. செவ்வாய் ஏப்ரல் 1, சந்தை நடந்தது. ஆனால் பேங்குகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு, அதனால் செட்டில்மெண்ட் இல்லை. ஆக அவருடைய டி+1 ஏப்ரல் 2, புதன். விற்ற அன்று இரவே புரோக்கரிடமிருந்து மெயிலில் வரும் விற்பனை விவரச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டில் செட்டில்மெண்ட் தேதி இருக்கும். விரல்விட்டு எண்ணுவதை விட அதைப் பார்ப்பதே நல்லது.

அடுத்து, லெட்ஜரைத் திறங்கள்

புரோக்கர் ஆப்பில் லெட்ஜர் என்ற கணக்குப் பட்டியல் இருக்கும். சித்தப்பாவின் லெட்ஜரில் பணம் வரவாகியிருந்தது. ஆனால் முழுதாக 42,000 இல்லை. விற்பனைக்கு 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது 42 ரூபாய், அப்புறம் சில்லறைக் கட்டணங்கள் போய்விடும். டிமேட்டிலிருந்து பங்கு வெளியேறுவதற்கான டிபி கட்டணம் பொதுவாகக் கான்ட்ராக்ட் நோட்டில் வராது, லெட்ஜரில் தனி வரியாக நிற்கும். “நோட்டில் இருக்கிற தொகைக்கும் இதற்கும் கணக்கு இடிக்கிறதே” என்று பயப்பட வேண்டாம்.

லெட்ஜரில் வரவே இல்லை என்றால் கதை வேறு. டிமேட்டிலிருந்து பங்கை எடுக்க டி-பின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி கொடுக்காமல் விட்டீர்களா, முந்தின நாள் வாங்கிய பங்கை கைக்கு வரும் முன்பே விற்றீர்களா என்று பாருங்கள். பங்கு போய்ச் சேராவிட்டால் அதை ஏலத்தில் வேறொருவரிடம் வாங்கிக் கொடுப்பார்கள், அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழும்.

பேஅவுட் கோரிக்கை கொடுத்தீர்களா?

சித்தப்பாவின் பணம் நின்றது இங்கேதான். பங்கை விற்றால் பணம் தானாக பேங்குக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தார். போகாது. Withdraw பக்கத்துக்குப் போய் நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், கணக்கு தொடங்கும்போது நீங்கள் தேர்ந்தெடுத்தபடி மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோதான் புரோக்கர் மீதியைத் திருப்பி அனுப்புவார்.

அந்தப் பக்கத்தில் எடுக்கக்கூடிய தொகை தனியாகக் காட்டும். விற்ற அன்றே புதிய பங்கு வாங்க அந்தப் பணம் இருப்பதாகக் காட்டினாலும், எடுக்கக்கூடிய தொகையில் பூஜ்யமே நிற்கும். செட்டில் ஆன பிறகுதான் அது மாறும்.

கோரிக்கைக்கு நேர எல்லையும் உண்டு. அது புரோக்கருக்கு புரோக்கர் மாறும், உங்கள் ஆப்பின் உதவிப் பக்கத்தில் பாருங்கள். நாங்கள் வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் கொடுத்தோம், நேரம் கடந்துவிட்டது. திங்கள் ஏப்ரல் 7 அன்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலை பணம் ஏறியது.

கோரிக்கை முடிந்தது என்று காட்டுகிறது, பணம் இல்லை

அப்படியானால் புரோக்கரிடம் அந்தப் பணப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யூடிஆர் எண் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேங்கில் கேட்டால் பணம் எங்கே என்று தேடிச் சொல்வார்கள். பணம் பொதுவாகப் பதிவு செய்த முதன்மை பேங்க் கணக்குக்கே போகும். பழைய கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பேங்க் வேறொரு பேங்குடன் இணைந்த பிறகு ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தாலோ, கணக்கு செயலற்றுப் போயிருந்தாலோ, பணம் திரும்பி வந்து லெட்ஜரில் மறுபடி வரவாகும். பேங்க் விவரத்தைத் திருத்திவிட்டு மீண்டும் கோரிக்கை கொடுங்கள்.

செட்டில் ஆகி, கோரிக்கையும் கொடுத்து, யூடிஆரும் தராமல் இழுத்தடித்தால் முதலில் புரோக்கரின் குறைதீர்ப்பு மெயிலுக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் செபியின் scores.sebi.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். கான்ட்ராக்ட் நோட், லெட்ஜர், கோரிக்கை கொடுத்த தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், இந்த மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.