பொங்கல் தட்டோடு அயலுக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பொங்கலன்று காலை எட்டு மணிக்கு வன்னிக் கிராமத்து ஒழுங்கை ஒன்றில் நின்று பார்த்தால் போதும், ஒவ்வொரு வருடமும் அதே பிழைகள் நடப்பது தெரியும். கலியாணம் முடித்து வந்த மருமகள், கொழும்பிலிருந்து லீவில் வந்த மகன், முதன்முதலாகத் தனியே அனுப்பப்பட்ட பிள்ளை என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு இருக்கும். வலது கையால் கொடு, சிரித்த முகத்தோடு கொடு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்காததால்தான் மற்றப் பிழைகள் வருகின்றன.

சுடச்சுட மூடிக் கொண்டுபோவது

பானையிலிருந்து எடுத்த புக்கையை அப்படியே ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு மூடியை அமத்திவிடுகிறார்கள். ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகிப் புக்கையின் மேலேயே சொட்டுகிறது. தேங்காய்ப்பால் விட்ட புக்கை அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் கெதியாகப் புளித்துவிடும். பல வீடுகளிலிருந்தும் வந்த பொங்கலை எல்லாரும் காலையிலேயே சாப்பிட்டு முடிப்பதில்லை. மத்தியானம் மூடியைத் திறக்கும்போது மேற்பக்கம் நசநசவென்று இருந்து புளித்த மணம் வந்தால், அது கோழிக்குத்தான் போகும்.

புக்கையை அகலத் தட்டில் பரப்பி, ஆவி பறப்பது நின்றபிறகு வாழையிலைத் துண்டால் மூடிக் கொண்டுபோக வேண்டும். முறுக்கையும் பயற்றம் பணியாரத்தையும் அதே தட்டில் வைக்கக் கூடாது. புக்கையின் ஈரத்தை இழுத்து முறுக்கு நமுத்துவிடும், பணியாரத்தின் மேல்மா தோலாகக் கழரும்.

படைக்க முன்னம் கொடுப்பது

கூடாது. சூரியனுக்குப் படைத்த பிறகுதான் அயலுக்கு.

ஆண்டு கழியாத வீட்டைத் தாண்டிப் போவது

இத்தனை வருடமாகப் பார்த்தும் இன்னும் பொறுக்க முடியாத பிழை இதுதான். ஐப்பசி நடுப்பகுதியில் தகப்பன் இறந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு துடக்குக் கழிந்துவிட்டது. தை பிறக்கும்போது அது துடக்கு வீடு அல்ல. ஆனால் ஆட்டைத் திவசம் முடியும்வரை அந்த முற்றத்தில் பொங்கல் பானை ஏறாது, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியும் வைக்கமாட்டார்கள். இதைத் தெரிந்த இளையவர்கள், "அங்க கொண்டாட்டமில்லை, போகக் கூடாது" என்று தாங்களாகவே முடிவெடுத்து அடுத்த படலைக்கு நடந்துவிடுகிறார்கள்.

வழக்கம் இதற்கு நேர்மாறானது. சமைக்காத வீட்டுக்குத்தான் அயல் கொடுக்க வேண்டும். தங்கள் வீட்டில் பொங்கவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு வெடிச் சத்தம் கேட்காமலோ சர்க்கரை மணம் வராமலோ இருக்காது. ஒழுங்கையில் ஆறு வீடும் இப்படியே தாண்டிப் போனால், தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பாணும் சம்பலும்தான்.

போகிறவர்களும் வேறு விதமாகப் பிழைவிடுகிறார்கள். நல்ல சில்வர் சட்டியில் நிறையப் போட்டு, படலையில் நின்றே "பொங்கல் வாழ்த்துக்கள் மாமி!" என்று கூப்பிடுகிறார்கள். அந்த அம்மா வந்து சட்டியை வாங்குகிறார். அயலில் இருந்து வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று பழகிய கை அது. உள்ளே போய்ப் பார்த்தால் போட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை. சட்டியைக் கழுவித் துடைத்து, கடைசியில் ஒரு பிடி சீனியை அள்ளிப் போட்டுக்கொண்டு தலைகுனிந்து வருகிறார். கொண்டுபோனவர் ஆறுதல் கொடுக்க நினைத்தார். அவர் நீட்டிய சட்டியோ அந்த அம்மாவிடம் இல்லாததைக் கேட்டுவிட்டது.

அதனால் இந்த வீட்டுக்குத் திரும்பி வரவேண்டிய ஏனம் எதையும் கொண்டுபோகக் கூடாது. வாழையிலையை நெருப்பில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. அதில் புக்கையைப் பொதிபோலக் கட்டி, பலகாரத்தைத் தனியாகக் கடதாசிப் பையில் போடலாம். மற்ற வீட்டுக்கு இரண்டு அகப்பை என்றால் இங்கே நாலு அகப்பை போட வேண்டும், அவர்களுக்குச் சொந்தப் பானை இல்லை. மற்ற வீடுகளுக்குப் போக முன்னம் இங்கே போய்விட வேண்டும். வாழ்த்து என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு, "மாமி, பிள்ளையளுக்குக் கொஞ்சம் பொங்கல் கொண்டு வந்தனான்" என்றால் போதும். விறாந்தையில் இருக்கச் சொன்னால் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வர வேண்டும், கொடுத்த கையோடு ஓடக் கூடாது. கட்டாயம் ஏனத்தில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தால், "சட்டி எங்களிட்ட வேற இருக்கு, ஆறுதலா வந்து எடுக்கிறன்" என்று சொல்லி, இரண்டு நாள் கழித்துப் போய் எடுக்கலாம்.

ஆண்டு கழிந்ததா என்பதை நாட்காட்டித் திகதியை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. திவசம் திதியில் வருவதால், இறந்த திகதிக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வரலாம், சில வருடங்களில் இரண்டு கிழமைக்கு மேல் பிந்தியும் வரும். ஐப்பசியில் இறந்தவருக்கு அடுத்த தீபாவளிக்குள் திவசம் முடிந்தும் இருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். முதல்நாள் பின்னேரமே பக்கத்து வீட்டில் விசாரிப்பது நல்லது. கேட்க ஆளில்லையென்றால், பொங்கலன்று விடிய அந்த முற்றத்தைப் பாருங்கள். மெழுகிக் கோலம் போடாமல், அடுப்புக்கல் வைக்காமல் இருந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டு படலையைத் திறக்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டை இதோடு சேர்ப்பது

2009க்குப் பிறகு வன்னியில் இப்படியான வீடு இல்லாத ஊர் குறைவு. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியவர்கள் இப்படியான வீடுகளின் தாய்மார்தான். அந்த வீட்டில் அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. மகன் வருவான் என்று இருக்கும் தாயிடம் இழவு வீட்டுக்குப் போவதுபோல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது, அவன் செத்துவிட்டான் என்று வாசலில் நின்று சொல்வதற்குச் சமன். "இந்த வருசம் கட்டாயம் வந்திடுவார்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமையில்லை. "வீட்டில எல்லாரும் சுகமோ?" என்ற வழக்கமான கேள்வியையும் அங்கே கேட்கக் கூடாது. "அம்மா, எப்படி இருக்கிறியள்?" என்று அவரை மட்டும் கேளுங்கள். பொங்கியிருந்தால் எல்லா வீட்டையும் போலத் தட்டு மாறலாம். வாழ்த்தை அவர் முதலில் சொன்னால் நீங்களும் சொல்லுங்கள்.

முஸ்லிம் அயலுக்குப் படையலில் எடுத்துக் கொடுப்பது

படைத்த உணவை உண்பதில்லை என்று இருப்பவர்கள் அவர்களில் பலர். முகத்துக்காக வாங்கிவிட்டுப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். முதல்நாள் சுட்ட முறுக்கிலும் பயற்றம் பணியாரத்திலும் படையலுக்கு வைக்க முன்னமே அவர்களின் பங்கை எடுத்து வைத்துவிட்டு, கொடுக்கும்போது "இது படைக்காதது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் சங்கடமில்லை. பெருநாளுக்கு அவர்கள் வட்டிலப்பம் தரும்போது உங்கள் வீட்டில் யாராவது விரதமென்றால், அதில் முட்டை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வைத்து, விரதமில்லாதவர்கள் சாப்பிடலாம்.

வாசலில் வைத்தே வாயில் போடச் சொல்வது

தீபாவளிக்குத் தட்டு கொண்டுபோகும்போது அந்த வீடுகளில் கேதாரகௌரி விரதகாரர் இருப்பார்கள். காப்புக் கட்டும்வரை சாப்பிடமாட்டார்கள். கொடுத்தால் போதும், வற்புறுத்தக் கூடாது.

நிலைப்படிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று, இரண்டு கையாலும் கொடுத்து வாங்க வேண்டும்.