சார்ஜ் ஏறுகிறது, கன்ட்ரோலர் மட்டும் அசையவில்லை: கேபிள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்ட்ரோலரை லேப்டாப்பில் சொருகியதும் விளக்கு எரிகிறது, சார்ஜும் ஏறுகிறது. ஆனால் கேமைத் திறந்தால் ஒரு பட்டன்கூட வேலை செய்யவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, விளக்கைப் பார்த்து "கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டி விடுவது. விளக்கு எரிய இரண்டு கம்பிகள் போதும். பட்டன் வேலை செய்ய நான்கு வேண்டும்.

சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளின் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். சிவப்பில் 5 வோல்ட் வருகிறது, கறுப்பு கிரவுண்ட். பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் பச்சையும் வெள்ளையும் கிடையாது. டார்ச் லைட், டிரிம்மர், சின்ன ஸ்பீக்கர் போன்றவற்றின் பெட்டியில் வரும் குட்டிக் கேபிள்களில் பல இந்த வகைதான். அந்தப் பொருளுக்குக் கரண்ட் மட்டும் போதும் என்பதால், தயாரிப்பவர் இரண்டு கம்பியை மிச்சம் பிடிக்கிறார். வெளியே பார்த்தால் முனை, நீளம், கனம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

டேட்டா கம்பி இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஒரு பிழைச் செய்தியாவது காட்ட வேண்டாமா என்று தோன்றும். காட்டாது. அதற்குக் காரணம் யூஎஸ்பி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரின் போர்ட்டில் இரண்டு டேட்டா கம்பிகளும் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டை நோக்கி இழுத்து வைக்கப்பட்டிருக்கும். எதுவும் சொருகாதபோது அவற்றில் வோல்டேஜ் இருக்காது. கன்ட்ரோலரைச் சொருகியதும், கன்ட்ரோலருக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் பச்சைக் கம்பியை 3.3 வோல்ட் பக்கம் தூக்குகிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று தெரிந்துகொண்டு, "நீ யார், உன் பெயர் என்ன" என்று விசாரிக்க ஆரம்பிக்கும். பச்சைக் கம்பியே இல்லையென்றால் வோல்டேஜ் ஏறாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தப் போர்ட் இன்னமும் காலியாகத்தான் இருக்கிறது. சிவப்புக் கம்பியில் கரண்ட் போவதைக் கணக்கில் எடுத்து அது யாரையும் தேடாது.

அதனால் அந்த மௌனமே நமக்குக் கிடைக்கும் நல்ல துப்பு. அதைக் கவனிக்காமல், கன்ட்ரோலரை இயக்க விண்டோஸ் பயன்படுத்தும் மென்பொருளான டிரைவரில் கைவைப்பது இரண்டாவது தவறு. இதில்தான் மக்கள் அதிக நேரத்தைத் தொலைக்கிறார்கள் என்பேன்.

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது. சேலத்தில் பழைய டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த மாடல், மைக்ரோ யூஎஸ்பி முனை. அதோடு கேபிள் வரவில்லை. வீட்டில் ஸ்பீக்கருக்கு இருந்த மைக்ரோ யூஎஸ்பி கேபிளைச் சொருகினான். கன்ட்ரோலரின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மெதுவாக எரிந்து எரிந்து அணைந்தது. சார்ஜ் ஏறும்போது அது அப்படித்தான் காட்டும். கேமில் ஒன்றும் நடக்கவில்லை. டிரைவரை நீக்கிப் போட்டு, விண்டோஸை அப்டேட் செய்துவிட்டு, கடைசியில் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, விண்டோஸ் பழசு போல. கன்ட்ரோலரை எடுக்கவே மாட்டேங்குது."

"சொருகும்போது லேப்டாப்புல சத்தம் வருதாடா?"

"இல்ல மாமா, லைட்டு மட்டும் எரியுது."

சத்தம் வரவில்லை என்றதுமே டிரைவர் பேச்சை விட்டுவிடலாம். இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைக் காட்டும் Device Manager-ஐ விண்டோஸில் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் சொருகி எடுக்கச் சொன்னேன். உண்மையில் ஏதாவது இணைந்தால் அந்தப் பட்டியல் ஒரு நொடி புதுப்பித்துக்கொள்ளும், ஒரு பெயர் கூடும் அல்லது குறையும். அவனுடைய திரையில் ஒரு வரிகூட அசையவில்லை. அடுத்து, அதே போர்ட்டில் மவுஸைச் சொருகச் சொன்னேன். மவுஸ் உடனே ஓடியது, ஆக போர்ட் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது கேபிளும் கன்ட்ரோலரும் மட்டும்தான். பிறகு அக்காவின் பழைய போனோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுத்து, அதே போர்ட், அதே கன்ட்ரோலர், கேபிளை மட்டும் மாற்றிச் சொருகினான். டடிங் என்று சத்தம் வந்தது. விண்டோஸ் தேடலில் joy.cpl என்று தட்டியதும் வந்த பெட்டியில் Wireless Controller என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கேபிளில் இணைந்தாலும் டூயல்ஷாக் 4 அப்படித்தான் காட்டும். கடைசியாக ஸ்பீக்கர் கேபிளையே திரும்பப் போட்டுப் பார்த்தான். மறுபடியும் மௌனம். அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேபிளையும் போர்ட்டையும் ஒரே நேரத்தில் மாற்றி, நடுவில் ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

டிரைவர் பிரச்சினை என்பதும் உண்டு, ஆனால் அதன் முகம் வேறு. அப்போது Device Manager-இல் கன்ட்ரோலரின் வரி வந்து நிற்கும், அதன் மேல் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருக்கும். பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது, ஆனால் விண்டோஸுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிலை இருக்கிறது: Unknown USB Device (Device Descriptor Request Failed) என்று வருவது. யாரோ வந்தது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது, ஆனால் "நீ யார்" என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. இது சார்ஜ் கேபிளின் வேலையாக இருக்காது. டேட்டா கம்பி உள்ள கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம், அல்லது கன்ட்ரோலரின் முனை லூசாகியிருக்கலாம். முனைக்கு அருகில் கேபிளை லேசாக அசைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால், அங்கேதான் பழுது.

கேபிளைச் சோதிக்கப் போனைப் பயன்படுத்துவது நல்ல யோசனை, ஆனால் அதிலும் ஒரு தவறு நடக்கிறது. போனில் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டு விடுகிறார்கள். கம்ப்யூட்டரில் சொருகி, ஆண்ட்ராய்டு போனின் நோட்டிஃபிகேஷனை இழுத்துப் பாருங்கள். டேட்டா கேபிள் என்றால் யூஎஸ்பி பற்றிய ஓர் அறிவிப்பு வரும். அதைத் தொட்டு, கோப்புகளை மாற்றும் தேர்வைக் கொடுங்கள். போனின் ஃபோல்டர்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் அந்தக் கேபிள் கன்ட்ரோலருக்கும் ஆகும். சார்ஜரில் சொருகிப் பார்த்தால் இது தெரியாது, கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு. அகலமான பழைய யூஎஸ்பி முனைக்குள் வெளிச்சத்தில் பாருங்கள். வரிசையாக நான்கு தகடுகள் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு, சற்று நீளமானவை. நடுவில் உள்ள குட்டையான இரண்டும் டேட்டாவுக்கு. நடுத் தகடுகள் இரண்டும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அது நிச்சயம் சார்ஜ் கேபிள். ஆனால் நான்கும் இருந்துவிட்டால் மட்டும் டேட்டா கேபிள் என்று நம்ப முடியாது. தகட்டை வைத்துவிட்டு உள்ளே கம்பி போடாமல் விடுவதும் நடக்கிறது.

பிளேஸ்டேஷனில் விளையாடுபவர்களுக்கு வரும் குழப்பம் கொஞ்சம் தந்திரமானது. அங்கே சார்ஜ் கேபிளைப் போட்டாலும் கன்ட்ரோலர் வேலை செய்யும், ஏனென்றால் அது ஏற்கெனவே புளூடூத்தில் இணைந்திருக்கிறது. கேபிளில் கரண்ட் மட்டும் போகிறது, பட்டன்கள் காற்றில் போகின்றன. நாமோ கேபிள் வழியாக விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். வேறொரு கன்சோலில் புதிதாக இணைக்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். சொருகி, நடுவில் உள்ள பட்டனை அழுத்தினாலும் இணையாது, ஏனென்றால் அந்த முதல் அறிமுகம் டேட்டா கம்பி வழியாகத்தான் நடக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் உண்மையிலேயே கேபிள் வழியாக விளையாட வேண்டுமென்றால், Settings-இல் Accessories, அதில் கன்ட்ரோலருக்கான பகுதிக்குப் போய், Communication Method என்பதை Use USB Cable என்று மாற்ற வேண்டும். நல்ல கேபிளைப் போட்டுவிட்டு இந்த அமைப்பை மறந்துவிட்டால், பழியெல்லாம் கேபிள் மேல் விழும்.

டைப்-சி வந்த பிறகு இன்னொரு தவறு சேர்ந்திருக்கிறது. கேபிள் தடிமனாக இருக்கிறது, 60 வாட், 100 வாட் என்று எழுதியிருக்கிறது, அதனால் டேட்டாவும் போகும் என்று எடுத்துக்கொள்வது. வாட் என்பது மின்சாரக் கணக்கு மட்டுமே. டைப்-சி விதிமுறைப்படி இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் குறைந்தது யூஎஸ்பி 2.0 டேட்டா கம்பிகளாவது இருந்தாக வேண்டும். ஆனால் மலிவு விலையில் விற்பவை எல்லாமே விதிமுறையைப் பார்ப்பதில்லை. அதே நேரம், கன்ட்ரோலருக்காக 10 ஜிபிபிஎஸ் கேபிளைப் பணம் கொடுத்து வாங்கவும் தேவையில்லை. டூயல்ஷாக் 4 போன்ற கன்ட்ரோலர் பேசுவது நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில்தான். சாதாரண டேட்டா கேபிளுக்கே அது தாராளம்.

டைப்-சியில் கேபிள் மேல் தப்பே இல்லாமலும் ஒன்றும் நடக்காமல் போகலாம். லேப்டாப்பின் டைப்-சி போர்ட், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதைக் கண்ட பிறகுதான் மின்சாரத்தையே திறக்கும். சில மலிவான கன்ட்ரோலர்களில் அந்தச் சின்ன ரெசிஸ்டரை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அவற்றை இருபுறம் டைப்-சி உள்ள கேபிளில் சொருகினால் விளக்குகூட எரியாது. ஒருபுறம் அகலமான பழைய முனை உள்ள கேபிளில் சொருகினால், அந்த அகலமான போர்ட் எதையும் எதிர்பார்க்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடும், கன்ட்ரோலர் ஓடத் தொடங்கும். விளக்கும் எரியாமல், சத்தமும் வராமல் இருந்தால், கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்கும் முன் இந்த வகைக் கேபிளில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

கடையில் வாங்கும்போது "ஒரு கேபிள் குடுங்க" என்று கேட்டால் சார்ஜிங் கேபிள் கைக்கு வந்துவிடலாம். "டேட்டா கேபிள்" என்று சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் டேட்டா வேகம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 480 எம்பிபிஎஸ் என்று இருந்தால் போதும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து வாங்குபவர் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. அதனால் சேலத்தில் கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே உங்கள் போனைச் சொருகி, ஃபோல்டர் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு முனையிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி "டேட்டா" என்று எழுதி, ஸ்பீக்கர் கேபிளோடு கலக்காமல் தனியாக வைத்துவிடுங்கள்.