போனில் ‘வாய்வுங்க’ என்று சொன்னால்

சமூக நலச் செவிலியர் பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கோபி பக்கத்துக் கிராமத்திலிருந்து மருமகள் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “மாமாவுக்கு நெஞ்சுல வாய்வு புடிச்சிருக்குதுங்க, சோடா குடுத்தேனுங்க.” வாய்வு என்பது அவர் முடிவு. அதை அப்படியே எழுதிக்கொண்டு, கேள்வியைத் தொடங்குங்கள்.

முதலில் ஊர், தோட்டத்துக்கு வழி, திரும்ப அழைக்க எண். லைன் துண்டித்தால் இதுதான் கைகொடுக்கும். அப்புறம் போனை மாமாவிடமே கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்று காதாலேயே தெரியும். “வலிக்குதுங்களா?” என்றால் பலர் இல்லை என்பார்கள். “நெஞ்சு எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டால் ‘பாரம் வச்சாப்ல’ என்று வரும். எப்போது தொடங்கியது, தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா, வேர்க்கிறதா, சர்க்கரை உண்டா? சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பில் வலியே இல்லாமலும் போகலாம். வேர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம்.

நெஞ்சில் அழுத்தத்துடன், சர்க்கரைக்காரர்களுக்கு அழுத்தம் இல்லாமலேகூட, வேர்வை, மூச்சிரைப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மீதிக் கேள்விகள் வேண்டாம். உடனே 108. நடக்க விடாமல் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பைக்கில் ஏற்ற வேண்டாம்.

பதிவேட்டில் நேரம், அவர்கள் சொன்ன வார்த்தை, ‘மயக்கம் இல்லை’ போன்ற இல்லைகள், நீங்கள் சொன்ன அறிவுரை, அதை அவர் திருப்பிச் சொன்னாரா என்பது. பத்து நிமிடத்தில் மறுபடி அழைத்து, வண்டி வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.